'வாங்க' என்ற சொல்லுக்கு எத்தனை சுருதி?

எங்கள் கண்ணாடிக் கடையில் சென்ற வருஷம் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தேன். கெட்டிக்காரி. அதற்கு முன் ஒரு பெரிய துணிக்கடையில் சில மாதம் நின்றவள். முதல் நாள் காலை, கடை திறந்த சூட்டோடு ஒரு பாட்டி வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கதவை அரைகுறையாகத் தள்ளி, உள்ளே வரலாமா என்று யோசித்தபடி நின்றார். அந்தப் பெண் துணிக்கடைப் பழக்கத்தில், "வாங்கம்மா வாங்க வாங்க! என்ன பாக்கறீங்க, ஃபிரேமா, கூலிங் கிளாஸா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து போனாள். பாட்டி ஒரு அடி பின்னால் வைத்து, "ஒண்ணுமில்லம்மா, கண்ணு பாக்கறதுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டுப் போலாம்னு..." என்றார். பரிசோதனை இலவசம் என்று சொன்ன பிறகும் "பையன்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று போய்விட்டார்.

அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. சிரித்தாள், மரியாதையாகப் பேசினாள். ஆனால் பாட்டி கொண்டுவந்த சுருதி ஒன்று, இவள் பாடிய சுருதி வேறு. அன்று சாயங்காலம் எனக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. வருபவர்களை எப்படி வரவேற்கச் சொல்லிக்கொடுப்பது? யோசித்துப் பார்த்தால் மூன்று வழிகள்தான் இருந்தன. எல்லாருக்கும் ஒரே மாதிரியான மலர்ந்த வரவேற்பு. அல்லது அவரவர் கொண்டுவரும் சுருதிக்கு ஈடாக அப்படியே திருப்பிக் கொடுப்பது. அல்லது யார் எப்படி வந்தாலும் நாம் அடங்கிய குரலிலேயே இருப்பது, மருத்துவமனை வரவேற்பு மேசை மாதிரி. மூன்றையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கண்ணாடிக் கடையில் வரவேற்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கேள்வி வரும். வியாபாரத்துக்காக மட்டும் இல்லை. உள்ளே வந்த பத்து நிமிஷத்தில் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகம் இருக்கும். கண்மணிக்குக் கண்மணி தூரம் அளக்க வேண்டும், காதோரம் கையை வைத்து ஃபிரேமைச் சரிசெய்ய வேண்டும். அதைவிட முக்கியம், அவர் எனக்கு உண்மை சொல்ல வேண்டும். சிலிண்டர் பவரைச் சரிபார்க்கும்போது ஒரு லென்ஸைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?" என்று கேட்போம். அந்தச் சோதனை முடிகிற இடமே "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்ற பதில்தான். எங்களிடம் கூச்சப்படுகிறவர்கள் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இவர் மனம் நோகக்கூடாது என்று "ரெண்டு" "ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பவர் தப்பாகிவிடும். ஆகவே, என் கடையில் ஒரு வரவேற்பு சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் தயங்காமல் "தெரியல" என்று சொல்கிறாரா, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரே சுருதி

முதல் வழிக்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஈடு கொடுக்கும் பழக்கத்தில் ஒரு ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது. தடதடவென்று காரிலிருந்து இறங்கி "என்னப்பா, எப்படிப் போகுது யாவாரம்?" என்று வருகிறவருக்கு நாமும் எழுந்து நின்று பெரிதாக வரவேற்பு கொடுப்போம். வெயிலில் பஸ் ஏறி வந்து, இந்தக் கடை நமக்குக் கட்டுபடியாகுமா என்று வாசலில் நிற்பவர் சின்னக் குரலில் பேசுவார். அவருக்கு ஈடாகக் கொடுத்தால் சின்ன வரவேற்பு. கணக்குப்படி சரி, நடப்பில் அநியாயம். தைரியம் உள்ளவருக்கு உபசாரம் கூடும், இல்லாதவருக்குக் குறையும். ஒரே மாதிரி வரவேற்பு என்ற விதி இந்தத் தப்பு நடக்காமல் காக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் சுலபம்.

ஆனால் அதன் விலையும் கூடவே வருகிறது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஒரே பாட்டைப் பாடினால் ஐந்தாவது ஆளிலிருந்தே அது டேப் ரெக்கார்டர் சத்தம். அடுத்து நிற்பவர் அதைக் காதால் கேட்கிறார். தனக்கு முன்னால் வந்தவருக்குச் சொன்ன அதே வரி, அதே இழுப்பு தனக்கும் வரும்போது, தன்னை யாரும் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பாட்டி பின்வாங்கியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வரவேற்பு அவர் உள்ளே வருவதற்கு முன்பே தயாராக இருந்தது.

மூன்றாவது வழியான அடங்கிய குரலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் ஆரம்ப காலத்தில் அப்படித்தான் இருந்தேன், அதைத் தொழில் மரியாதை என்று நினைத்துக்கொண்டு. யாருக்கும் கோபம் வராது, யாரும் ஒட்டவும் மாட்டார்கள். உற்சாகமாக வந்தவர் தன் உற்சாகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்காருவார். அதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

ஈடு கொடுப்பது ஏன் வேலை செய்கிறது

ஒருவர் வணக்கம் சொல்லும்போது வெறும் வணக்கம் சொல்வதில்லை. நமக்குள் எவ்வளவு நெருக்கம், இந்தப் பேச்சு எவ்வளவு நேரம், எவ்வளவு இலகுவாகப் போகலாம் என்று ஒரு அளவைக் காட்டிக் கேட்கிறார். கையை விரித்துக்கொண்டு "அண்ணே!" என்று வருகிறவர் ஒரு துணிச்சல் செய்கிறார். நாம் தலையை மட்டும் ஆட்டினால் அவர் விரித்த கை அந்தரத்தில் நிற்கும். அசடு வழிந்தது அவர், ஆனால் வழிய வைத்தது நாம். அதை அவர் மறக்க மாட்டார். மறுபக்கமும் உண்டு. மெல்லத் தலையசைத்து வந்தவருக்கு நாம் பெரிய ஆர்ப்பாட்டம் செய்தால், அதற்கு ஈடாக அவர் ஏதாவது தந்தாக வேண்டும் என்ற கடன் அவர் தலையில் விழுகிறது. கூச்சக்காரருக்கு அது பாரம். ஈடான பதில் இந்த இரண்டு சங்கடத்தையும் ஒரே நொடியில் தீர்த்துவிடுகிறது. நீங்கள் காட்டிய அளவு எனக்குச் சம்மதம் என்று வாய் திறந்து சொல்லாமல் சொல்லியாகிறது. ஒட்டுதல் சீக்கிரம் வருவது இதனால்தான். வேறு மாயம் இல்லை.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. 1999-இல் அமெரிக்காவில் டானியா சார்ட்ரண்ட், ஜான் பார்க் என்ற இரு உளவியலாளர்கள், முன்பின் தெரியாத இருவரைச் சேர்த்து உட்கார வைத்துப் படங்களைப் பார்த்துப் பேசச் சொன்னார்கள். இருவரில் ஒருவர் ஆய்வாளர்களின் ஆள். அவர் சிலரிடம் மட்டும் எதிரே இருப்பவரின் உட்காரும் விதத்தையும் கையசைவையும் மெல்லப் பின்பற்றினார். அப்படிப் பின்பற்றப்பட்டவர்கள் அவரை அதிகம் பிடித்திருந்தது என்றார்கள், பேச்சும் வழுக்கிக்கொண்டு போனது என்றார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 2003-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், உணவகப் பரிமாறுபவர் வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை அவர் சொன்ன வார்த்தையிலேயே திருப்பிச் சொன்னபோது டிப்ஸ் கூடியது. இவை இரண்டும் வணக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் இல்லை, உடலசைவையும் வார்த்தையையும் பற்றியவை. ஆனாலும் கடையில் நான் பார்ப்பது இதற்குப் பக்கத்து வீடு.

சரி, எதற்கு ஈடு கொடுப்பது? அந்தப் பெண்ணுக்கு நான் நாலு விஷயத்தைத்தான் கவனிக்கச் சொன்னேன். சத்தம், வேகம், நீளம், தூரம். எவ்வளவு உரக்கப் பேசுகிறார், எவ்வளவு விரைவாக, ஒரு வார்த்தையா நாலு வாக்கியமா, எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறார். இந்த நாலும் சுருதி. அவர் பயன்படுத்தும் சொல், உச்சரிப்பு, மரியாதை விகுதி, அதிகாரம் ஆகியவை சுருதி இல்லை. அவற்றைத் தொடக்கூடாது. இந்தப் பிரிவினை தெரியாமல்தான் பெரும்பாலான ஈடுகொடுத்தல் கெட்டுப்போகிறது.

எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், லாரி வைத்து ஓட்டிய மனிதர். அறுபதைத் தாண்டியவர். கதவைத் திறக்கும்போதே "என்னடா மாப்ளே, கண்ணாடிக்காரா, உசிரோடதான் இருக்கியா?" என்று தெரு முழுக்கக் கேட்கும். நான் அவருக்கு "வாங்கண்ணே! உங்க லாரி சத்தம் முனையிலேயே கேட்டுச்சு!" என்று அதே உரத்த குரலில், எழுந்து நின்று, கையைப் பிடித்துச் சொல்வேன். சத்தம் சமம், வேகம் சமம், தூரம் சமம். ஆனால் அவர் 'டா' போட்டதற்கு நான் 'டா' போடவில்லை. அவர் மூத்தவர், அண்ணன். அவர் என்னை 'டா' என்பது வாஞ்சை, நான் திருப்பிச் சொன்னால் திமிர். தமிழில் இது ஒரு கூடுதல் சிக்கல், அதே நேரம் ஒரு வசதியும்கூட. சுருதியை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், 'ங்க' விகுதி வேலியாக நின்று காப்பாற்றும்.

உச்சரிப்பைத் தொடாதே என்பதற்கும் காரணம் உண்டு. நெல்லைப் பேச்சுப் பேசும் ஒருவரிடம் எங்கள் பையன் ஒருவன் விளையாட்டாக "என்னலே" என்று இழுத்தான். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். திக்கிப் பேசுகிறவர், இழுத்துப் பேசுகிறவர் எல்லாரிடமும் இதே கதைதான். ஈடு கொடுப்பதற்கும் கேலி செய்வதற்கும் நடுவே நூலிழை இடைவெளிதான். பேச்சு நடையைக் காப்பியடித்தால் அந்த இழை அறுந்துவிடும்.

ஈடு கொடுக்கக் கூடாத இடங்கள்

அதிகாரத்தோடு வருகிறவர் முதல் உதாரணம். அவருடைய சுருதியில் சத்தம் மட்டும் இல்லை, 'இங்கே நான் சொல்வதுதான்' என்ற தோரணையும் இருக்கிறது. லாரி அண்ணன் சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. அண்ணன் நம் முகத்தைப் பார்த்து உரக்கப் பேசுவார், இவர் கடையைப் பார்த்து உரக்கப் பேசுவார். இவருக்கு ஈடாக நாமும் மார்பை விரித்து நின்றால் போட்டியாகிவிடும். லாரிசா டீடென்ஸ், அலிசன் ஃப்ராகேல் ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒருவர் கைகால் பரப்பி இடம் பிடித்து உட்காரும்போது எதிரே இருப்பவர் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தால்தான் இருவருக்கும் ஒத்துப்போனது. அவரும் பரப்பினால் ஒத்துப்போகவில்லை. ஆக, அன்புக்கு அன்பு ஈடு. அதிகாரத்துக்கு அதிகாரம் ஈடு இல்லை. அதற்காகக் கூனிக்குறுக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை விட்டுவிட்டு, சுருக்கமாக, வேலையைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

சிடுசிடுப்போடு வருகிறவருக்கும் அப்படியே. அவர் சிடுசிடுத்தால் நாமும் சிடுசிடுக்கலாமே, ஈடுதானே என்று தோன்றும். பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவருக்கு அது வேறு மாதிரி தெரியும். 2011-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வில், நேர்முகம் எடுப்பவர் நட்பில்லாமல் நடந்துகொள்ளும் காணொளிகளைக் காட்டினார்கள். அவருடைய அசைவுகளைப் பின்பற்றிய ஆளைப் பார்வையாளர்கள் திறமை குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். கடையில் எப்போதும் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நம் பதில் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உரத்த குரல் எப்போதும் உற்சாகம் இல்லை என்பதை அந்தப் பெண்ணுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு நாளானது. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். அவர்களில் பலருக்குக் காதும் மந்தம். தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உரக்கப் பேசுவார்கள். அதற்கு ஈடாக நாம் கத்தினால் வார்த்தை சிதறிப்போகும், கோபப்படுகிறோமோ என்றும் தோன்றும். அவர்களிடம் நேரே முகம் காட்டி, நிறுத்தி, தெளிவாகப் பேச வேண்டும். சத்தத்தைவிட உதடு தெரிவது முக்கியம். எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு ஏதாவது சொன்னால் அவர் பதில் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும்.

துக்கம் தனி உலகம். சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று அழைப்பதில்லை, கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. அங்கே வணக்கமே கிடையாது, கையைப் பிடிப்பதோடு சரி. நம் மரபே இந்த இடத்தில் ஈடுகொடுத்தலை எடுத்துவிட்டது. அழுகிறவர் அழட்டும், வந்தவர் அடங்கி நிற்கட்டும் என்று.

இன்னொன்று, பெண்கள் கவுன்ட்டரில் நிற்கும்போது வருவது. சில ஆண்கள் மிகையான உற்சாகத்தோடு, மிகக் கிட்டத்தில் வந்து நின்று பேசுவார்கள். 'அவர் சுருதிக்கு ஈடு கொடு' என்ற விதியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணைச் சங்கடத்தில் மாட்டிவிட்டிருப்பேன். இங்கே ஈடு வேண்டாம், சுருதியில் ஒரு படி கீழே இறங்கி, மேசை நடுவில் இருக்கும்படி நின்று, "சொல்லுங்க சார், சீட்டு கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டால் போதும் என்று சொன்னேன். அவளே அதைச் செய்துகொண்டுதான் இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. எனக்குத்தான் சொல்லிக்கொடுப்பதற்கு நேரமானது.

கோபத்துக்குப் பாதி ஈடு

கோபத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் இரண்டு ஓரமும் தப்பு.

ஒரு மத்தியானம் ஒருவர் வந்தார். வங்கியில் வேலை, ஐம்பது வயதிருக்கும். பத்து நாளைக்கு முன் எங்களிடம் முதல் முறையாக ப்ரொகிரசிவ் கண்ணாடி போட்டவர், ஒரே லென்ஸில் மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாகப் பவர் மாறிக்கொண்டே வருமே, அது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் டொக்கென்று வைத்தார். "என்னங்க கண்ணாடி இது? படி எறங்க முடியல, தரை மேல எழும்பி வருது. ரோட்டைப் பாக்கக் குனிஞ்சுகிட்டே நடக்கறேன். இவ்வளவு காசு வாங்கிட்டு இதைத்தான் குடுப்பீங்களா?"

அந்தப் பெண் பயிற்சி பெற்ற குரலில், இழுத்து, மென்மையாக, "சார், உக்காருங்க சார்... கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க சார்..." என்றாள். அவருக்கு ஏறியது. "பொறுமையா என்னம்மா சொல்றது, விழுந்தா நீ வந்து தூக்குவியா?"

அவள் குரலில் மரியாதை இருந்தது, வேகம் இல்லை. அவர் அவசரத்தில் இருக்கிறார், நாம் தாலாட்டுகிறோம். தாலாட்டினால், உன் பிரச்சினை எனக்குப் பெரிதில்லை என்றுதான் அர்த்தமாகிறது. பதிலுக்குச் சத்தம் போட்டிருந்தால் சண்டை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கோபத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் அவசரமும் சூடும் என்று இரண்டு இருக்கும். அவசரத்துக்கு ஈடு கொடுக்கலாம், சூட்டுக்குக் கொடுக்கக்கூடாது. நான் உள்ளேயிருந்து விறுவிறுவென்று வந்தேன். குரல் அவர் குரலைவிடத் தாழ்வாக, ஆனால் அதே வேகத்தில், துண்டு துண்டாக: "படியில தடுமாறுதுன்னா உடனே பாக்கணும் சார். போடுங்க கண்ணாடியை. இப்படி நில்லுங்க. என் மூக்கைப் பாருங்க." முப்பது வினாடியில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நேராக நின்றார். அந்தக் குரல் அதற்குள் பாதி இறங்கியிருந்தது.

லென்ஸில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தேன். ப்ரொகிரசிவ் லென்ஸில் பொருத்தும் குறி கண்மணியின் நடுவில் இருக்க வேண்டும். அவருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மேலே இருந்தது. அதனால் நேரே பார்க்கும்போதே பார்வை கிட்டத்துப் பவர் பக்கம் சரிந்தது. தூரம் தெளிவாகத் தெரியத் தலையைக் குனிந்தாக வேண்டும். படியில் கீழே பார்த்தாலோ சுத்தமாகப் படிக்கும் பகுதி, தரை மிதக்காமல் என்ன செய்யும்? டெலிவரி நாளில் ஃபிரேமைச் சரிசெய்யும்போது மூக்குத் தாங்கிகளை ரொம்ப ஒட்டவைத்துவிட்டிருக்கிறோம், ஃபிரேம் உயரே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தப்பு எங்களுடையதுதான். தாங்கிகளை இடுக்கியால் கொஞ்சம் விரித்ததும் ஃபிரேம் இறங்கியது, குறி கண்மணியில் உட்கார்ந்தது. வாசல் படியை இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தார். "முன்னாடியே இப்படிக் குடுத்திருக்கலாமே" என்றார். குறைதான் சொன்னார், ஆனால் சாதாரணக் குரலில்.

அவர் சத்தத்தில் மயங்கியிருந்தால் இந்த 3 மில்லிமீட்டர் எனக்குத் தெரிந்திருக்காது. 'பழகப் பழகச் சரியாகும் சார்' என்று எல்லாருக்கும் சொல்லும் வரியைச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

எதைத் தேர்ந்தேன்

ஈடு கொடுக்கும் வழியில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஈடு கொடுக்க வேண்டுமென்றால் அவர் முதலில் பேச வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்தவரை முதலில் 'வாங்க' என்று சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான். கடையிலும் அதே முறை. வந்தவர் பேசட்டும், சுருதி பார்த்துக்கொள்ளலாம் என்று பேசாமல் நின்றால் அதுவே அவமரியாதை.

ஆகவே முதல் இரண்டு வழிகளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டேன். முதல் வார்த்தை எல்லாருக்கும் ஒன்று. காரில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் எழுந்து நின்று, நடுத்தரமான குரலில் ஒரு 'வாங்க'. ஒன்றுதான், 'வாங்க வாங்க வாங்க' இல்லை, கூடவே கேள்வியும் இல்லை. அதன்பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம்தான், ஆனால் பழகாதவருக்கு அது நீளமாகத் தெரியும். அவர் தன் சுருதியைக் காட்டுவது அந்த இடைவெளியில்தான். நம் இரண்டாவது வார்த்தை அதற்கு ஈடாக இருக்கட்டும். உற்சாகமாக இருந்தால் ஏறக்குறைய அவர் அளவுக்கு, ஆனால் ஒரு மயிரிழை கீழே. தாண்டினால் நடிப்பாகிவிடும். கூச்சமாக இருந்தால் சத்தத்தையும் நீளத்தையும் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுந்து நிற்பதையும் முகம் பார்ப்பதையும் குறைக்கக்கூடாது. நான் முன்பு சொன்ன ஓரவஞ்சனைக்கு அதுதான் மருந்து.

முதல் வழியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய கடைகளும் உண்டு. டிக்கெட் கவுன்ட்டர், மருந்துக் கடையில் சாயங்கால நெரிசல். அங்கே ஒருவரோடு அரை நிமிஷம்தான், சுருதி பார்க்க நேரமில்லை, ஒரே மாதிரி மரியாதை போதும். போனிலும் நான் முதல் வழியையே சொல்வேன். முகம் தெரியாதபோது உற்சாகமா, காது மந்தமா, பக்கத்தில் மிக்ஸி ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

பாட்டி இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார், பையன் சரியென்று சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அந்தப் பெண் எழுந்து நின்று "வாங்கம்மா" என்றாள். நிறுத்தினாள். பாட்டி கடையைச் சுற்றிப் பார்த்தார், ஃபிரேம் வரிசையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "ஊசி கோக்க முடியலம்மா" என்றார். இவள் அதே தணிந்த குரலில் "எந்தக் கண்ணும்மா, ரெண்டுமா?" என்றாள். அன்று உள்ளே பாட்டி எனக்குக் குறைந்தது ஆறு தடவை "தெரியல சாமி" என்று சொன்னார்.

ஒரு எச்சரிக்கை பாக்கியிருக்கிறது, பழகினவர்களைப் பற்றி. அவர்களுக்கு நாம் நினைவிலிருந்து ஈடு கொடுத்துவிடுவோம். சென்ற ஐப்பசியில் லாரி அண்ணன் வந்தார். அவள் அவரை நன்றாகப் பழகியிருந்தாள், வாசலில் பார்த்ததுமே "வாங்கண்ணே! சத்தமே காணோமே, லாரியை வித்துட்டீங்களா?" என்று உரக்கக் கேட்டாள். அண்ணன் சிரித்தார், ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உள்ளேயிருந்து வெளியே வந்தபோது எனக்கு அந்த உட்காருதல் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "என்னண்ணே" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து ராத்திரிலேருந்து வலது கண்ணு ஓரத்துல ஒரு கறுப்புத் திரை தொங்குது. மின்னல் மாதிரி வெட்டுது" என்றார்.

விழித்திரை பிரிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டிய அறிகுறி அது. கடையில் செய்ய எதுவும் இல்லை. அன்றைக்கே, நேரத்தோடு விழித்திரை மருத்துவரிடம் போயாக வேண்டும். நான் சீட்டு எழுதும்போது அந்தப் பெண் வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினாள். திரும்பி வந்து, அண்ணன் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "வண்டி நிக்குதுண்ணே, வாங்க" என்றாள்.